தெரிந்த சொற்களில் மட்டும் பதில்: எப்போது கேட்கலாம், எப்போது கைவிடலாம்?

என் தம்பி மனைவியின் ஊர் புவனேசுவரம். தாய்மொழி ஒடியா, இந்தி சரளம். திருமணமாகிக் கோயம்புத்தூருக்கு வந்து ஓராண்டு ஆகியும் தமிழில் அவள் வாயிலிருந்து வந்தவை 'சரி அக்கா', 'சாப்பிட்டேன் அக்கா' இரண்டும்தான். தொடக்கப் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் சென்னையிலிருந்து அலைபேசியில் தமிழில் ஏதாவது அனுப்பினால் பதில் இரவு எட்டு மணிக்குமேல்தான் வரும். தம்பி வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அது. நடையைப் பார்த்தாலே எழுதியது யாரென்று தெரிந்துவிடும்.

ஒருநாள் இந்தியில் கேட்டாள்: "எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன் அக்கா. அந்தச் சொற்களை மட்டும் வைத்து எனக்குப் பதில் எழுத முடியுமா?" நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாள். 112 சொற்கள்.

நான் ஒப்புக்கொண்டேன். அதன்பின் ஏற்பட்ட அனுபவத்தை அறிந்த நண்பர்கள் சிலர், தங்கள் வீட்டுக்கு வந்த மருமகனுக்கோ அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கோ தமிழ் சொல்லித்தரும்போது இதே கேள்வியில் நிற்கிறார்கள். கற்பவர் கேட்டபடி பட்டியலுக்குள்ளேயே நின்று பதில் சொல்வதா, பட்டியலோடு ஒரு புதுச் சொல்லைச் சேர்த்துக்கொள்வதா, அல்லது எப்போதும் பேசுவதுபோலப் பேசிவிட்டுப் பிறகு விளக்குவதா?

எதை வைத்து அளப்பது?

நான்கு அளவுகோல்கள் போதும்.

முதலாவது, பதிலை அவர் யாருடைய துணையும் இல்லாமல் படித்து முடிக்கிறாரா என்பது. இதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு. 1920களில் டாக்காவில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கிலம் படிப்பதை ஆராய்ந்து, ஐம்பது சொற்களுக்கு ஒன்றுக்குமேல் தெரியாத சொல் இருந்தால் படிப்பது தடுமாறும் என்று கருதினார். 2000-ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்னதும் ஏறத்தாழ அதே அளவுதான்: துணையின்றிப் படிக்க நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். இவை ஆங்கிலத்துக்குச் சொன்னவை. தமிழில் 'ஒரு சொல்' என்று எதை எண்ணுவது என்பதே சிக்கல். அதற்குக் கீழே வருகிறேன்.

இரண்டாவது, அவர் திருப்பி எழுதுகிறாரா, அதிலும் தானாக உரையாடலைத் தொடங்குகிறாரா என்பது. தன்னம்பிக்கை வளர்கிறதா என்று கண்டுகொள்ள இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது, பதில் எழுதுபவருக்கு ஆகும் உழைப்பு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை; ஏற்பாடு பெரும்பாலும் இங்கேதான் முறிகிறது. நான்காவது, அவர் நாளை கடையிலும் பஸ்ஸிலும் கேட்கப்போகும் தமிழுக்கு இந்தப் பதில்கள் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பது.

வழி ஒன்று: பட்டியலுக்குள் மட்டும்

ஒரே செய்திக்கு மூன்று வழிகளிலும் பதில் எழுதிப் பார்க்கலாம். அவள் அனுப்பியது இது: "அக்கா, இன்று மீன் குழம்பு செய்தேன். புளி அதிகம்."

பட்டியலுக்குள் நின்று நான் எழுதியது: "புளி அதிகமா? கொஞ்சம் தண்ணீர் வேண்டும். அம்மா சாப்பிட்டாரா? என்ன சொன்னார்?"

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. "அம்மா சாப்பிட்டார். நல்ல குழம்பு சொன்னார். நான் சாப்பிடவில்லை!" 'என்று' விடுபட்டிருந்தது, அதனால் ஒன்றும் கெடவில்லை. தம்பி அப்போது அலுவலகத்தில் இருந்தான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த வாரம் நான்கு நாள் அவளே முதலில் எழுதினாள். இந்த வழியின் வலிமை இவ்வளவுதான், ஆனால் பயந்து ஒதுங்கி நிற்பவருக்கு இது பெரிய விஷயம். ஒரு வரியைத் திறக்கும்போதே 'இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது' என்ற உறுதி இருந்தால் அவர் அதைத் தள்ளிப்போடுவதில்லை.

விலை என்ன? மூன்று இருக்கிறது.

முதல் விலை தமிழுக்கே உரியது. நோட்டில் 'வா' என்று ஒரு சொல் இருந்தது. நான் 'வருவார்' என்று எழுதினேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு வியப்பாக இருந்தது, பிறகு இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். 'வா'வுக்கும் 'வருவார்'க்கும் கண்ணுக்குத் தெரியும் உறவு ஒரே ஒரு மெய்யெழுத்துதான். வந்தேன், வருகிறேன், வரவில்லை, வாருங்கள் என்று நமக்கு ஒரே சொல்லாகத் தெரிவது அவளுக்கு நான்கு சொற்கள். பெயர்ச்சொற்களும் அப்படியே. 'வீடு' தெரியும், 'வீட்டுக்கு' தெரியாது. 'மரம்' தெரியும், 'மரத்தில்' தெரியாது. ஆகவே 112 சொற்கள் என்பது அகராதிக் கணக்கு. அவள் உண்மையில் அடையாளம் காணும் வடிவங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தபோது, வினைகளில் 'செய்தேன்' போன்ற தன்மை வடிவமும் 'செய்யுங்கள்' போன்ற மரியாதை ஏவலும் மட்டும் தேறின. பாடப் புத்தகம் அவற்றைத்தான் அதிகம் தந்திருந்தது.

எனவே பட்டியலைத் திருத்தினோம். அடிக்கடி வேண்டிய பன்னிரண்டு வினைகளை மட்டும் எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வடிவங்களை நோட்டில் முழுதாக எழுதினோம்: வந்தேன், வந்தார், வருவேன், வரவில்லை, வாருங்கள். பெயருக்கு மூன்று உருபுகள் போதும் என்று வைத்துக்கொண்டோம்: வீட்டில், வீட்டுக்கு, வீட்டை. இதில் ஒரு வேடிக்கை. அவள் படித்தது 'வாருங்கள்'. ஆனால் வீட்டில் எல்லோரும் அவளை 'வா' என்றுதான் அழைக்கிறார்கள். தான் யாருக்கும் சொல்லப்போகாத வடிவத்தைத் தன்னிடம் சொல்லப்படுவதற்காக மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய நிலை. அதனால் 'வா', 'போ', 'சாப்பிடு' மூன்றையும் தனிச் சொற்களாகவே சேர்த்தோம்.

இரண்டாவது விலை இன்னும் தந்திரமானது. எல்லாச் சொல்லும் பட்டியலில் இருக்கும், பொருள் மட்டும் இருக்காது. நான் ஒருமுறை அவளைக் கேலி செய்துவிட்டு, "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று எழுதினேன். 'விளையாட்டு' நோட்டில் இருந்தது, 'சொன்னேன்' இருந்தது, 'க்கு' உருபும் இருந்தது. எந்த விளையாட்டுக்கு என்று அவள் கேட்டாள். 1930இல் ஆக்டன் என்பவர் 850 சொற்களில் ஓர் எளிய ஆங்கிலத்தை வடிவமைத்தார். அதன்மீது சொல்லப்பட்ட முக்கியமான குறையும் இதுவே. புட், அப், வித் மூன்றும் அவர் பட்டியலில் உள்ள எளிய சொற்கள். மூன்றையும் சேர்த்து 'புட் அப் வித்' என்றால் 'பொறுத்துக்கொள்' என்று ஆகிவிடுகிறது. தனித்தனியே படித்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே விளங்காது. தமிழில் கைகொடு, கைவிடு, வாய்கொடு, காதில் போட்டுக்கொள் என்று உடலுறுப்புகளை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம். இதற்கு விதிவிலக்கும் உண்டு: 'செய்து பார்' என்பது அவளுக்கு உடனே புரிந்தது. இந்தியிலும் 'கர்கே தேகோ' இருக்கிறதே. கற்பவரின் மொழியில் அதே அமைப்பு இருந்தால் கூட்டுச்சொல் தொல்லையில்லை. இல்லாவிட்டால், பட்டியல் சொற்களால் ஆனதாக இருந்தாலும் அதைப் புதுச் சொல்லாகவே கருத வேண்டும்.

மூன்றாவது விலை என் நேரம். மூன்று வரிப் பதிலுக்குப் பத்து நிமிடம் ஆனது. எழுதுவது எளிது. எழுதியதைச் சொல் சொல்லாக நோட்டோடு ஒப்பிடுவதில்தான் நேரம் போகிறது, ஏனென்றால் தாய்மொழிக்காரருக்கு எது எளிய சொல், எது கடினமான சொல் என்ற உணர்வே கிடையாது. மூன்றாவது வாரத்தில் நான் பதிலைத் தள்ளிப்போடத் தொடங்கினேன். அத்தோடு பேச்சு சமையலையும் மழையையும் தாண்டவில்லை. கணக்காளராக வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண்ணிடம், மழை வந்ததா, சோறு சாப்பிட்டாயா என்று நாள்தோறும் கேட்பது அவளுக்கும் மரியாதையாக இல்லை, எனக்கும் அலுத்துவிட்டது. பட்டியல் பாடப் புத்தகத்திலிருந்து வந்தால் இப்படித்தான் ஆகும். சம்பளம், விடுமுறை, கூட்டம், மேலாளர் போன்ற அவளுடைய நாளில் வருகிற சொற்களுக்கு இடம்கொடுத்து, 'முயல்', 'பட்டம்' போன்றவற்றை நீக்கியபின் பேச்சு கொஞ்சம் பெரியவர்கள் பேச்சாக மாறியது.

இன்னொன்றும் செய்தோம். ஏன், எப்போது, ஆனால், இன்னும், மட்டும், புரியவில்லை, 'அது என்ன' போன்ற இருபது சொற்களைக் கட்டாயமாகச் சேர்த்தோம். பெயர்ச்சொற்கள் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். 'ஏன்', 'ஆனால்' இரண்டும் இல்லாத பட்டியலில் உரையாடல் நடக்காது, வாய்பாடுதான் நடக்கும்.

வழி இரண்டு: பட்டியலும் ஒரு புதுச் சொல்லும்

அதே மீன் குழம்புக்கு: "புளி அதிகமா? கொஞ்சம் வெல்லம் வேண்டும். அம்மா சாப்பிட்டாரா? என்ன சொன்னார்?" கீழே வெல்லத்தின் படம். மற்றவை எல்லாம் தெரிந்த சொற்கள் என்பதால் தெரியாத ஒன்று எதைப் பற்றியது என்பதை அவளே ஊகிக்க முடிகிறது. புளிப்பை அடக்கும் பொருள் என்பது வரியிலேயே இருக்கிறது.

மேலே சொன்ன ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். அலைபேசிச் செய்தி பெரும்பாலும் பத்துப் பதினைந்து சொற்கள்தான். அதில் ஒரு புதுச் சொல் என்பதே அடர்த்திதான். படமும், உடனே திருப்பிக் கேட்கும் வசதியும் இருப்பதால் தாங்குகிறது. நான் முதலில் ஒவ்வொரு பதிலிலும் ஒரு புதுச் சொல் வைத்தேன். நான்காம் நாள் அவளுடைய பதில்கள் சுருங்கின. மூன்று பதிலுக்கு ஒன்று என்று குறைத்து, இடையில் வரும் பதில்களில் அதே சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தேன். திங்களன்று வெல்லம் வேண்டும் என்றால், புதனன்று "வெல்லம் வாங்கினாயா?", வெள்ளியன்று "அம்மாவுக்கு வெல்லம் பிடிக்கும்." இப்படி மூன்று முறை வேறு வேறு வரியில் பார்த்த சொல்லை அவள் அடுத்த வாரம் கேட்காமலேயே எழுதினாள். ஒரே முறை பார்த்த சொற்களில் பெரும்பாலானவை திரும்ப வரவில்லை.

இந்த வழியின் மறைவான செலவு கணக்கு வைப்பது. எந்தச் சொல்லை எப்போது தந்தேன், எத்தனை முறை திரும்பச் சொன்னேன் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளாவிட்டால் இரண்டே வாரத்தில் பட்டியலின் எல்லை கலைந்துவிடும். 'ஒன்றுதானே' என்று மூன்று சொற்கள் நுழைந்துவிடும். கற்பவர் அதைச் சொல்லமாட்டார். 'ஆமாம் அக்கா' என்று மட்டும் எழுதுவார். அதைக் கண்டுபிடிக்க, ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்க வேண்டும். "எப்போது வாங்கினாய்?" என்று கேட்டதற்கு 'ஆமாம்' வந்தால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

யார் சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்பதும் உண்டு. நான் தேர்ந்தெடுத்தவற்றில் என் விருப்பம்தான் தெரிந்தது, சமையல் சொற்களாகவே குவிந்தன. வாரத் தொடக்கத்தில் 'இந்த வாரம் எனக்கு வேண்டியவை' என்று ஐந்து பொருள்களை அவள் இந்தியில் சொல்லட்டும், நான் தமிழ்ச் சொல் தருகிறேன் என்று மாற்றிக்கொண்டோம். முதல் வாரம் அவள் கேட்ட ஐந்தில் ஒன்று 'தலைவலி'. இன்னொன்று, 'எனக்கு அது பிடிக்கவில்லை என்று நாகரிகமாக எப்படிச் சொல்வது' என்பது. எனக்குத் தோன்றியிருக்காது.

வழி மூன்று: கட்டில்லாத பதில், பின்னால் விளக்கம்

"பரவாயில்லை, கொஞ்சம் வெல்லம் போட்டுக் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும்." நான் இயல்பாக எழுதியிருக்கக்கூடியது இதுதான். ஆறு சொற்கள். வெல்லம் தெரிந்தபின்னும் அவளுக்கு அதில் நான்கு தெரியாது. 'சரி' அவளுடைய முதல் தமிழ்ச் சொல், ஆனாலும் 'சரியாகிவிடும்' என்பதற்குள் அது இருப்பதை அவள் காணவில்லை.

இதற்கு எழுதுபவருக்கு உழைப்பே இல்லை, மொழியும் உண்மையான மொழி. கேலி, ஆறுதல், கோபம் எல்லாம் இதில்தான் வரும். செலவு வேறொருவர் தலையில் விழுகிறது. எங்கள் வீட்டில் அது தம்பி. அவன் மொழிபெயர்த்துச் சொல்லி, பதிலையும் அவனே எழுதி, ஓராண்டு போயிருந்தது. உதவி செய்கிறோம் என்று அவன் உண்மையாகவே நம்பினான். வீட்டில் இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கும்வரை இந்த வழியில் கற்பவர் எவ்வளவு புரிந்துகொள்கிறார் என்பதே வெளியில் தெரியாது. அவருக்கே தெரியாது.

ஆனால் துக்கச் செய்தியைப் பட்டியல் சொற்களில் எழுதாதீர்கள். எங்கள் பெரியம்மா இறந்தபோது நான் அப்படி எழுத முயன்று, பாதியில் நிறுத்திவிட்டு இந்தியில் தொலைபேசினேன்.

ஒரு பார்வையில்

| அளவுகோல் | பட்டியல் மட்டும் | பட்டியல் + ஒன்று | கட்டில்லாதது |
|---|---|---|---|
| துணையின்றிப் புரிதல் | வடிவங்களையும் பட்டியலிட்டால் ஏறக்குறைய முழுதும் | பெரும்பாலும். படம் உதவும் | தொடக்கநிலையில் மிகக் குறைவு |
| தானாக எழுதத் தொடங்குதல் | முதல் வாரத்திலேயே தெரியும் | தொடரும். சொற்கள் மிகுந்தால் சுருங்கும் | பெரும்பாலும் இல்லை |
| எழுதுபவரின் உழைப்பு | மூன்று வரிக்குப் பத்து நிமிடம் | அதே அளவு, கூடவே கணக்குத் தாள் | இல்லை. மொழிபெயர்ப்பவருக்கு உண்டு |
| நிஜப் பேச்சுக்கு அருகாமை | குறைவு | நடுத்தரம் | முழுமை |
| எங்கே பிசகும் | கூட்டுச்சொல், அலுப்பு | எல்லை கலைதல் | 'ஆமாம் அக்கா' |

கடைசிக்கு முந்தைய வரிசைக்கு ஒரு குறிப்பு. நாங்கள் எழுதியது எழுத்துத் தமிழ், அவள் புத்தகத்தில் படித்ததும் அதுதான். காய்கறிக் கடையில் அவள் காதில் விழுவது அந்தச் சொற்களின் சுருங்கிய பேச்சு வடிவம். பட்டியலில் 'இருக்கிறது' என்று படித்தவருக்குப் பேச்சில் அது வேறு சொல்லாகத்தான் கேட்கும். கற்பவரின் தேவை பேச்சு மட்டும் என்றால், பட்டியலை முதலிலிருந்தே பேச்சு வடிவத்தில் எழுதி, பதிலைக் குரல் பதிவாக அனுப்புவது நல்லது. இரண்டையும் ஒரே பட்டியலில் கலப்பது மட்டும் வேண்டாம். சொற்கள் இரட்டிப்பாகும், அவ்வளவுதான் பலன்.

யாருக்கு எது?

எழுத்துத் தெரிந்தும் எழுதப் பயப்படுபவருக்கு, வேறொருவரைக் கொண்டு பதில் எழுதுபவருக்கு, ஒருமுறை கேலிக்கு ஆளாகி வாயை மூடிக்கொண்டவருக்கு முதல் வழி. ஆனால் இறுதி நாளை முன்பே குறித்துவிடுங்கள். நாங்கள் நான்கு வாரம் என்று வைத்தோம். உண்மையில் மூன்றே போதுமாக இருந்தது, அவள் வாரத்தில் நான்கு நாளுக்குமேல் தானாக எழுதத் தொடங்கியபோதே மாற்றியிருக்கலாம்.

ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர், தவறு வந்தாலும் அனுப்பிவிடுபவர் கேட்டால், அவருக்கு முதல் வழி வேண்டாம். அது அவரை ஒரே இடத்தில் வட்டமிட வைக்கும். நேராக இரண்டாவதுக்குப் போகலாம். அதைத் தாங்கக்கூடிய பொறுமையும் தாளும் உங்களிடம் இல்லையென்றால், அதை ஒப்புக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பட்டியல் நாள் என்று வைத்துக்கொள்வது, தினமும் செய்வதாகச் சொல்லிவிட்டு நிறுத்துவதைவிட மேல். பதில் நின்றுபோனால் கற்பவர் தன் தமிழ் சரியில்லை என்றுதான் நினைப்பார், உங்களுக்கு நேரமில்லை என்று நினைக்கமாட்டார்.

தமிழ் பேசும் வீட்டிலேயே இருந்து, பாதிக்குமேல் காதால் புரிந்துகொண்டு, வாய் மட்டும் திறக்காதவருக்கு மூன்றாவது வழியில் ஒரு திருத்தம் உதவுகிறது. இயல்பான பதிலை எழுதுங்கள், அதன் கீழேயே பட்டியல் சொற்களில் அதே செய்தியை இன்னொரு முறை எழுதுங்கள். "பரவாயில்லை, கொஞ்சம் வெல்லம் போட்டுக் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும்" என்பதன் கீழே "வெல்லம் வேண்டும். பிறகு நல்ல குழம்பு." உழைப்பு கூடுதல்தான். ஆனால் முழுப் பதிலைத் தொடுவதற்குமுன் கால் ஊன்ற ஓர் இடம் கிடைக்கிறது.

பட்டியல் எப்போது தேவையற்றதாகிறது என்பதைக் கற்பவரே காட்டிவிடுவார். ஏழாவது வாரத்தில் அவள் எழுதினாள்: "அக்கா, இன்று கடையில் கொசுறு கொடுத்தார்! கறிவேப்பிலை!" 'கொசுறு' நோட்டில் இல்லை, நானும் தரவில்லை. கடைக்காரர் கறிவேப்பிலையோடு அந்தச் சொல்லையும் கொசுறாகக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து நான் நோட்டைப் பார்த்து எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியபின்னும் பட்டியல் ஓரிடத்தில் மட்டும் திரும்ப வருகிறது. என் அத்தை தொலைபேசியில் பேசினால் வேகம் குறைக்கவே மாட்டார். அவர் அழைக்கப்போகும் நாள்களில், காலையிலேயே இருவரும் ஒரு சிறு பட்டியல் எழுதிக்கொள்கிறோம்: அத்தை கேட்கக்கூடிய ஆறு கேள்விகள், அதற்குரிய சொற்கள், கடைசியில் "கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் அத்தை" என்ற ஒரு வரி. அத்தையிடமும் முன்பே சொல்லியாயிற்று. அவர் அந்த வரியைக் கேட்டதும் சிரித்துவிட்டு, அதே வேகத்தில் இன்னொரு முறை சொல்கிறார்.